டேங்கர் வாசலில் நிற்கிறது, படத்தில் எல்லாம் சரி: ஸ்விம்லேன் கைமாற்றங்களை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

தம்பிக்கு வணக்கம்.

பொள்ளாச்சிப் பக்கத்துச் சில்லிங் சென்டரிலிருந்து நம் பாலக்காட்டுச் சித்தூர் ப்ளான்ட் வரை பால் வந்து சேரும் வழியை நீங்கள் வரைந்து அனுப்பிய ஸ்விம்லேன் படத்தை முழுதாகப் படித்தேன். ஒவ்வொரு ஆளுக்கும் பிரிவுக்கும் ஒதுக்கிய பட்டையான லேனுக்குள் வேலைகள் வரிசையாக, எதுவும் விட்டுப்போகாமல் இருக்கின்றன. பி.எம்.சி. என்ற குளிர்விப்புத் தொட்டியில் பாலை 4 டிகிரிக்குக் குளிர்விப்பதிலிருந்து டேங்கரைக் கழுவி அனுப்புவது வரைக்கும் அந்தந்த ஆட்களிடம் கேட்டே எழுதியிருக்கிறீர்கள், அது தெரிகிறது. சிக்கல் லேனுக்குள் இல்லை. ஒரு லேனிலிருந்து அடுத்த லேனுக்கு அம்பு தாண்டுகிற இடத்தில்தான் இருக்கிறது.

ஓணத்துக்கு முன்னால் டேங்கர் எண்ணிக்கை கூடும். புது ஆட்களும் ஷிஃப்டுக்கு வருவார்கள். அவர்கள் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் வேலை கற்றுக்கொள்ளப் போகிறார்கள். அதனால் ‘கைமாற்றம் தெளிவில்லை’ என்று ஒரே வரியில் சொல்லி விடாமல், டாக்கில் கண்ணுக்குத் தெரிகிற அறிகுறியிலிருந்து தொடங்கி, படத்தில் எங்கே பார்ப்பது, எப்படி மாற்றுவது, மாற்றியது சரிதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என எழுதுகிறேன்.

முதலில் படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு, லேன் கோட்டைத் தாண்டுகிற ஒவ்வொரு அம்பின் மேலும் சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம் போடுங்கள். மொத்தம் பதினொன்று வரும். ஒவ்வொரு வட்டத்திலும் மூன்றே கேள்விகள். எது கைமாறுகிறது? வாங்குகிறவர் வாங்கிவிட்டதை எங்கே பதிகிறார்? அவர் வாங்க மறுத்தால் அது எங்கே போகும்? ஏழு வட்டங்களில் மூன்றுக்கும் பதில் இருக்கிறது. மீதி நாலைத்தான் கீழே எடுத்துக்கொள்கிறேன்.

அறிகுறி: டேங்கர் வந்து நிற்கிறது, லேபில் கேட்டால் ‘எங்களுக்கு இன்னும் வரவில்லை’ என்கிறார்கள்

ஓட்டுநர் லேனில் ‘டேங்கர் ப்ளான்ட்டை அடைகிறது’ என்று ஒரு பெட்டி. அங்கிருந்து ஓர் அம்பு நேராக லேப் லேனில் உள்ள ‘சாம்பிள் சோதனை’க்குப் போகிறது. படிக்கும்போது வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆனால் டேங்கர் வந்ததை லேபுக்குச் சொன்னது யார்? சாம்பிளை எடுத்தது யார்? ஓட்டுநர் சலானைக் கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுத் தன் வேலை முடிந்தது என்று இறங்கிப் போகிறார். செக்யூரிட்டிக்குப் படத்தில் லேனே இல்லை. டாக்கில் இருப்பவர் லேப் சரி சொல்லட்டும் என்று காத்திருக்கிறார், லேபில் இருப்பவர் சாம்பிள் பாட்டில் வரட்டும் என்று காத்திருக்கிறார். மூன்று பேருமே படத்தில் உள்ளபடி நடக்கிறார்கள், பால் மட்டும் வெயிலில் நிற்கிறது.

இரண்டு காரணங்கள். ஒன்று, ‘அடைகிறது’ என்பது நடக்கிற ஒரு நிகழ்வு, யாரும் செய்கிற வேலை இல்லை. நிகழ்வைப் பெட்டிக்குள் போட்டால் அதற்குப் பொறுப்பாள் இருப்பதுபோல் தோன்றிவிடும். அதை வட்டமாக வரையுங்கள். இரண்டு, வாங்குகிற லேனில் முதல் பெட்டியே சோதனையாக இருக்கிறது, பெறுகிற வேலை இல்லை.

மாற்றம் இப்படி இருக்கட்டும். கேட்டுக்கு ஒரு லேன் சேருங்கள். அதில் ‘சலான் வாங்கு, வந்த நேரம் எழுது, டாக்குக்கும் லேபுக்கும் போன் செய்’ என்று ஒரு பெட்டி. அடுத்து டாக் லேனில் ‘சீல் எண்களைச் சலானோடு ஒப்பிடு’, அதன்பின் ‘ஒவ்வொரு அறையையும் கலக்கி, தனித்தனி பாட்டிலில் சாம்பிள் எடு’. கலக்குவதைப் படத்திலேயே எழுதுங்கள். டேங்கர் நின்ற நேரத்தில் கொழுப்பு மேலே ஏறியிருக்கும். மேலாக மொண்டு எடுத்தால் கொழுப்பு கூடுதலாகக் காட்டும், அடி வால்விலிருந்து பிடித்தால் குறைத்துக் காட்டும். அதற்கப்புறம் லேப் லேனின் முதல் பெட்டி ‘சாம்பிள் பெறு, பெற்ற நேரத்தோடு எண் பதி’. சோதனை அதற்கு அடுத்ததுதான்.

சரியாக வந்ததா என்று பார்க்க எளிதான வழி ஒன்று உண்டு. லேப் லேனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரு தாளால் மூடிவிட்டு, லேப் கெமிஸ்ட்டிடம் அந்த ஒரு லேனை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். தன் வேலை எந்த நொடியில் தொடங்குகிறது, எது கையில் வந்ததும் தொடங்குகிறது என்று அவர் சொல்லிவிட்டால் கைமாற்றம் சரி. ‘மேலே இருந்து ஏதோ வரும்’ என்றால் இன்னும் சரியில்லை.

அறிகுறி: பால் குறைந்தது என்று டாக்கில் சத்தம், கணக்கில் பார்த்தால் அதிகமாக வந்திருக்கிறது

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற இடம் இது. பணம் போகிற வழி இது என்பதோடு, படத்தை எத்தனை முறை பார்த்தாலும் கண்ணில் படாது.

சில்லிங் சென்டர் லேனிலிருந்து கிளம்புகிற அம்பின் மேல் ‘அளவு, தரம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். டாக் லேனிலிருந்து கணக்குப் பிரிவுக்குப் போகிற அம்பின் மேலும் அதே ‘அளவு, தரம்’. ஒரே சொல் இரண்டு இடத்திலும் இருப்பதால் ஒரே பொருள் போகிறது என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்வார். அனுப்புகிற இடத்தில் பி.எம்.சி. தொட்டியில் டிப் ஸ்டிக் வைத்து லிட்டரில் அளக்கிறார்கள். நம்மிடம் வே பிரிட்ஜில் ஏற்றி, பாலோடு ஒரு எடை, காலி டேங்கர் ஒரு எடை எடுத்துக் கழித்துக் கிலோவில் எழுதுகிறோம்.

ஒரு லோடை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். சலானில் 5,000 என்று இருக்கிறது, அது லிட்டர். ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ. அப்படியென்றால் வழியில் ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் வந்தால் வே பிரிட்ஜ் 5,150 காட்ட வேண்டும். அன்றைக்கு 5,090 காட்டுகிறது என்று வையுங்கள். 60 கிலோ குறைவு, அதாவது ஏறக்குறைய 58 லிட்டர் வரவில்லை. ஆனால் கணக்குப் பிரிவில் இருப்பவர் பார்ப்பது இரண்டே எண்கள், 5,000 மற்றும் 5,090. அவர் ‘90 அதிகம்’ என்று எழுதி மூடிவிடுவார். ஏறக்குறைய ஒன்றரைக் கேன் பால் காணாமல் போனது உபரியாகப் பதிவாகிறது. டாக்கில் இருப்பவர் டிப் ஸ்டிக்கைப் பார்த்துக் குறைவு என்று கத்தினால், கணக்கில் இருப்பவர் பேப்பரைக் காட்டி வாயை அடைக்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

கொழுப்புக் கணக்கிலும் இதே கதைதான். 4 சதவீதக் கொழுப்பு என்றால் 5,150 கிலோவுக்கு 206 கிலோ கொழுப்பு. 5,000-ஐக் கிலோ என்று எடுத்தால் 200. அனுப்பியவருக்குக் கொடுக்கிற பணம் கொழுப்புக் கிலோவை வைத்து என்றால், ஒரே லோடில் 6 கிலோ கொழுப்புக்கு வாய்த்தகராறு.

திருத்தம் சின்னதுதான். அம்பின் மேல் ‘அளவு’ என்ற சொல்லை எடுத்துவிட்டுச் சலானில் உள்ள கட்டத்தின் பெயரையே எழுதுங்கள்: ‘லிட்டர் (டிப்), வெப்பநிலை, சீல் எண்’. டாக்கிலிருந்து போகிற அம்பில் ‘நிகர எடை கிலோ, லாக்டோமீட்டர் அளவு’. இரண்டுக்கும் நடுவே மாற்றுகிற வேலை ஒன்று கட்டாயம் வேண்டும்: ‘கிலோவை லிட்டராக்கிச் சலானோடு ஒப்பிடு’. அது யார் லேனில் இருக்க வேண்டும் என்பதற்கும் பதில் இருக்கிறது. டாக் லேனில் இருக்கட்டும், கணக்குப் பிரிவில் வேண்டாம். வித்தியாசம் தெரிந்த நேரத்தில் டேங்கரும் ஓட்டுநரும் சீலும் கண்முன் இருப்பது டாக்கில்தான். கணக்குக்குப் போகும்போது டேங்கர் கழுவி முடிந்து கோபாலபுரம் தாண்டியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. 1.03 என்பது கைக்கணக்குக்குத்தான். பாலின் அடர்த்தி கொழுப்புக்கும் கொழுப்பு தவிர்த்த திடப்பொருளான எஸ்.என்.எஃபுக்கும் வெப்பத்துக்கும் ஏற்றபடி 1.028-லிருந்து 1.032 வரை நகரும். அதனால் ‘1.03-ஆல் வகு’ என்று பெட்டிக்குள் எழுத வேண்டாம். அன்றைய லாக்டோமீட்டர் அளவை வைத்துக் கணக்கிடச் சொல்லுங்கள். 5,000 லிட்டருக்கு அந்த நகர்வே 20 கிலோ வரும். அதற்கு உட்பட்ட வித்தியாசத்துக்கு யாரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியதில்லை என்று ஒரு குறிப்பையும் பக்கத்தில் போடுங்கள்.

அறிகுறி: லேப் வேண்டாம் என்றுவிட்டது, டேங்கர் மாலை வரைக்கும் யார்டில் நிற்கிறது

‘தரம் சரியா?’ என்ற டைமண்டிலிருந்து ‘ஆம்’ அம்பு அழகாக டாக்குக்குப் போய், பம்ப் போட்டு, சைலோவில் முடிகிறது. ‘இல்லை’ அம்பு லேப் லேனிலேயே ‘நிராகரி’ என்ற பெட்டிக்குப் போய், பக்கத்திலேயே முடிவு வட்டத்தில் நின்றுவிடுகிறது. படத்தில் கதை முடிந்தது. யார்டில் 5,000 லிட்டர் பால் அப்படியே இருக்கிறது, வெப்பநிலை ஏறிக்கொண்டிருக்கிறது.

லேபால் நிராகரிக்க முடியாது என்பதுதான் இங்கே மூலக் காரணம். கொதிக்க வைத்தால் திரிகிறது, அமிலத்தன்மை இவ்வளவு, வந்த வெப்பநிலை இவ்வளவு என்று லேப் முடிவு எழுதிக் கொடுக்கும். பாலைத் திருப்பி அனுப்புவதா, மறுபடி சோதிப்பதா என்று சொல்ல வேண்டியவர் கொள்முதல் மேலாளர். படத்தில் அவருக்குத் தெரியப்படுத்துகிற அம்பே இல்லை. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் யாராவது அவரை வீட்டு எண்ணில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

டைமண்டைக் கொள்முதல் லேனுக்கு நகர்த்துங்கள். லேப் லேனில் ‘முடிவுச் சீட்டு எழுது’ என்று முடியட்டும். அந்தச் சீட்டே கைமாறுகிற பொருள். டைமண்டுக்கு மூன்று வழி வேண்டும்: ஏற்றுக்கொள், மறுசோதனை, திருப்பி அனுப்பு. மறுசோதனை ஒரு தடவை மட்டும் என்று எழுதிவிடுங்கள், இல்லையென்றால் அந்த அம்பு சுற்றிக்கொண்டே இருக்கும். சீட்டு கையில் வந்து அரை மணி நேரத்துக்குள் முடிவு வராவிட்டால் யாரிடம் போக வேண்டும் என்பதற்குக் கடிகாரக் குறி ஒன்றைப் போடுங்கள். நம்மிடம் இப்போது அதற்கு ஆள் நியமித்திருக்கவில்லை. நீங்கள் கேட்டுப் பதில் வரும் வரை அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டு, மஞ்சள் தீட்டுங்கள். ஊகித்து ஒரு பதவியின் பெயரை எழுதுவதைவிட அது மேல்.

‘திருப்பி அனுப்பு’ வழியைக் கடைசி வரை வரைய வேண்டும். டாக் ஆள் மறுபடி சீல் போட்டுப் புது எண் எழுதுகிறார், கொள்முதல் சில்லிங் சென்டருக்குச் சீட்டின் நகலை அனுப்புகிறது, கேட்டில் வெளியேறிய நேரம் பதிவாகிறது, சில்லிங் சென்டர் ‘திரும்பி வந்தது’ என்று ஒப்புக்கொள்கிறது. அந்த ஒப்புதல் வரும் வரை பால் நம் பொறுப்புதான்.

இதிலேயே இன்னொரு ஓட்டை. டேங்கரில் முன்னறை, பின்னறை என்று இரண்டு இருக்கின்றன. நீங்கள் வரைந்த டைமண்ட் டேங்கர் முழுவதுக்கும் ஒரே கேள்வி கேட்கிறது. முன்னறை திரிந்து பின்னறை நன்றாக இருந்தால் படத்தில் பதில் கிடையாது. நடைமுறையில் அப்படித்தான் அதிகம் வரும், ஏனென்றால் இரண்டு அறையும் வேறு வேறு பி.எம்.சி.யில் நிரப்பப்பட்டிருக்கும். சாம்பிள் எடுப்பதிலிருந்து முடிவு வரை உள்ள பகுதியை ‘ஒவ்வோர் அறைக்கும்’ என்று குறித்து, திரும்பத் திரும்ப நடக்கிற வேலையாக வரையுங்கள்.

அறிகுறி: மீனாட்சிபுரத்தில் டேங்கர் நிற்கிறது, நம் ஆட்கள் யாருக்கும் தெரியவில்லை

மீனாட்சிபுரத்தில் கேரளப் பால்வளத் துறை நடத்துகிற பால் பரிசோதனைச் செக்போஸ்ட்டை நீங்கள் நம் கம்பெனியின் லேன்களையெல்லாம் அடக்கிய பெரிய கட்டமான பூலுக்குள் ஒரு லேனாக வரைந்திருக்கிறீர்கள். ஓட்டுநர் லேனிலிருந்து அதற்குள் கெட்டிக் கோட்டில் ஓர் அம்பு, அங்கிருந்து வெளியே ஓர் அம்பு. அப்படி வரைந்தால் அந்தத் துறையின் வேலையும் நம் வரிசைப்படி நடக்கும் என்று அர்த்தமாகிறது. அவர்கள் எப்போது நிறுத்துவார்கள், எவ்வளவு நேரம் சோதிப்பார்கள் என்பது நம் கையில் இல்லை.

வேலை ஓட்டப் படம் வரைய நாம் பின்பற்றுகிற பி.பி.எம்.என். 2.0 முறையில் (2011-இல் வந்தது, 2013-இல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஆனது) இதற்குத் தெளிவான விதி இருக்கிறது. ஒரே பூலுக்குள் லேன் விட்டு லேன் போவதற்குக் கெட்டிக் கோடு. ஒரு பூலிலிருந்து இன்னொரு பூலுக்குக் கெட்டிக் கோடு போகக் கூடாது. செய்தி மட்டும்தான் போகலாம், அதைத் துண்டுக் கோட்டில் வரைய வேண்டும். நாம் படம் வரைகிற மென்பொருள் தப்பாகப் போட்டாலும் தடுக்காது, அதனால் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செக்போஸ்ட்டைத் தனிப் பூலாக, உள்ளே ஒன்றும் எழுதாத வெறும் பட்டையாக வரையுங்கள். வாடகை டேங்கர் நிறுவனத்துக்கும் அப்படியே. அது நம் ஆள் இல்லை, நமக்கும் அதற்கும் இடையே போவது உத்தரவுச் சீட்டும் சலானும்தான். ஓட்டுநர் செக்போஸ்ட்டில் நிறுத்தப்பட்டால் நம் கேட்டுக்கு ஒரு செய்தி வர வேண்டும். சாம்பிள் எடுத்த நேரம், விடுவித்த நேரம் இரண்டும் அதில் இருக்கட்டும்.

நேரத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2023 ஜனவரியில் செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில் எல்லோரும் பார்த்தோம். 15,300 லிட்டர் பாலோடு வந்த டேங்கரைப் பால்வளத் துறை நிறுத்தி, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்திருக்கிறது என்றது. பிறகு உணவுப் பாதுகாப்புத் துறை சோதித்தபோது அது தென்படவில்லை. சோதனை தாமதமானதுதான் காரணம் என்று பால்வளத் துறைத் தரப்பில் சொன்னார்கள். பாலில் ஹைட்ரஜன் பெராக்சைடு நேரம் ஆக ஆகச் சிதைந்து போகும் என்பது உண்மை. ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குச் சாம்பிள் கைமாறியபோது எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை மணிக்குச் சோதித்தது என்பதே முழு விவகாரமாகிவிட்டது. நம் படத்திலும் சாம்பிள் போகிற அம்புக்கு ஒரு நேரமும் இல்லை. எடுத்த நேரமும் பெற்ற நேரமும் பாட்டிலின் லேபிளிலேயே எழுதப்பட வேண்டும், அதைப் படத்திலும் காட்ட வேண்டும்.

சின்ன விஷயங்கள் இரண்டு

‘எடை சரிபார்ப்பு’ பெட்டி டாக் லேனுக்கும் கணக்கு லேனுக்கும் நடுவே கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து செய்கிறார்கள் என்று காட்ட நினைத்திருப்பீர்கள். எடைச் சீட்டில் கையெழுத்துப் போடுவது யாரோ, அவர் லேனுக்குள் தள்ளிவிடுங்கள். ‘இரவு சூப்பர்வைசர்’ என்ற லேனை ‘டாக் பொறுப்பாளர்’ என்று மாற்றுங்கள். காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது பாதி இறக்கிய டேங்கர் ஒன்று இருந்தால், இப்போதைய படத்தின்படி அதற்கு ஆளே கிடையாது.

திருத்துகிற வரிசை இதுதான்: முதலில் நிராகரிப்பு வழி, அடுத்து லிட்டர்-கிலோ, பிறகு மற்றவை. நிராகரிப்பை மாற்றினால் டைமண்ட் இடம் மாறும், மற்ற அம்புகளும் அதோடு நகரும். அதனால் அதைக் கடைசிக்கு வைத்தால் வேலை இரட்டிப்பாகும்.

திருத்திய பிறகு பழைய சலான்களில் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று ஒழுங்காக இறங்கிய லோடு, இன்னொன்று ஓர் அறை மட்டும் திரும்பிய லோடு. டாக்கில் ஒருவர், லேபில் ஒருவர், கேட்டில் ஒருவர் என மூன்று பேரை உட்கார வைத்து, சலானைக் கையில் கொடுத்து, படத்தில் விரலை வைத்து நகர்த்தச் சொல்லுங்கள். நீங்கள் எதையும் விளக்க வேண்டாம். விரல் எங்கே நிற்கிறதோ, ‘இங்கே நாங்கள் போன் பண்ணிக்குவோம்’ என்று யார் எங்கே சொல்கிறார்களோ, அங்கே ஓர் அம்பு விட்டுப்போயிருக்கிறது. அதை அப்போதே பென்சிலில் போட்டுவிடுங்கள்.

வே பிரிட்ஜ் சீட்டின் நகல் ஒன்றும், ஓர் அறை திரும்பிய லோடின் சலான் ஒன்றும் உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன். அரை மணி நேர எல்லைக்கு யாரைப் போடுவது என்று கொள்முதலில் கேட்க நானும் கூட வருகிறேன். வியாழக்கிழமை மதியம் அவர்கள் இருப்பார்கள்.

அன்புடன்,
உங்கள் டீம் லீட்